பனிநாட்டில் காயும் கன்னமும் தேங்காயெண்ணெயும்

டொரண்டோவில் வாழும் ஓர் இளந்தாய் ஜனவரிக் குளிரில் ஊரிலுள்ள தன் அம்மாவுக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: "அம்மா, பிள்ளைக்கு நாலு மாசம் ஆகுது. ரெண்டு கன்னமும் காய்ஞ்சு திட்டுத்திட்டா இருக்கு. நீ சொன்னபடியே தினமும் குளிப்பாட்டி, நல்லா துவட்டிட்டுத் தேங்காயெண்ணெய் தடவுறேன். மினுமினுன்னு இருக்கு, ஆனா தொட்டா சொரசொரப்பு அப்படியே இருக்கு. எண்ணெயை விட்டுடவா?"

விட வேண்டியதில்லை. கோளாறு எண்ணெயில் இல்லை. 'நல்லா துவட்டிட்டு' என்ற இடத்தில் இருக்கிறது.

வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையலாலும் குளியலாலும் சற்று ஏறினாலும், சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. குழந்தையின் தோல் மெல்லியது. உள்ளிருக்கும் நீரை வேகமாக இழக்கும். போதாக்குறைக்கு ஜொள்ளும் பாலும் வழிவதும், துடைப்பதும் நாள் முழுக்கக் கன்னத்தில்தான் நடக்கின்றன.

இது வெறும் வறட்சியாகவும் இருக்கலாம். ஊரில் கரப்பான் என்றும் மருத்துவர்கள் எக்ஸிமா என்றும் சொல்வதாகவும் இருக்கலாம். கரப்பான் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் கன்னத்தில் தலைகாட்டும். மூக்கைச் சுற்றியும் டயப்பர் கட்டும் இடத்திலும் பொதுவாக வராது. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதிய கையேடுகள் 'சிவந்த திட்டு' என்கின்றன. மாநிறக் கன்னத்தில் அது கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும் என்பதால், கண்ணைவிட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். ஆறிய பிறகு சில மாதம் வெளுத்த தடம் நிற்பதுண்டு. பாட்டிமார் அதைத் தேமல் என்பார்கள். ஆனால் அது பூஞ்சையால் வருவதல்ல, நிறம் மெல்லத் திரும்பிவிடும்.

எண்ணெயில் நீர் கிடையாது. அது தோலுக்கு ஈரத்தைத் தராது. இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மேலே மூடி போடும். காய்ந்த கன்னத்தில் தடவினால் பளபளப்புதான் மிச்சம். ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. அக்கம்பக்கத்தார் சிபாரிசு செய்யும் ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம். அது தோலின் மேலடுக்கைக் கட்டிவைத்திருக்கும் கொழுப்பைக் குலைக்கிறது. கடுகெண்ணெயும் எரிச்சல் தரும். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்திய ஆய்வில், லேசான, நடுத்தரமான எக்ஸிமாவுக்கு மினரல் ஆயிலைவிடச் சுத்தமான தேங்காயெண்ணெய் கூடுதல் பலன் தந்தது. பாட்டியின் கணக்கு அவ்வளவு தப்பில்லை. ஆனால் ஒரே சிறிய ஆய்வை வைத்து அதை மருந்தாக்கிவிடவும் கூடாது.

செய்ய வேண்டியது, வரிசையை மாற்றுவதுதான். குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம், வெதுவெதுப்பான நீரில். முகத்துக்குச் சோப்பும் வேண்டாம், பயத்தமாவுத் தேய்ப்பும் வேண்டாம். மாவின் நுண்ணிய துகளே காய்ந்த கன்னத்தை அராவும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, கன்னம் சற்று ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வாசனை சேர்க்காத கெட்டியான கிரீமைப் பூச வேண்டும். கிரீமில் நீரும் கொழுப்பும் இரண்டுமே இருப்பதால் குளிர்நாட்டில் அதுவே முதல் தேர்வு. அதற்கு மேல் வேண்டுமானால் தேங்காயெண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் உருக்கிக்கொண்டால் போதும். பாலூட்டும் முன் மெல்லிய பூச்சாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ஜொள்ளு தோலைத் தொடாது. வெறும் வறட்சியாக இருந்தால் ஓரிரு வாரத்தில் விரலுக்கு வித்தியாசம் தெரியும்.

பால் கொடுக்கும் தாய் கத்தரிக்காய், கருவாடு என்று தானாகவே பத்தியம் இருக்கத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட உணவின் மேல் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்தலாம்.

இரண்டு வாரத்தில் தணியாவிட்டாலோ, குழந்தை தூங்காமல் முகத்தைப் படுக்கையில் தேய்த்தாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகத்துக்குப் பெரும்பாலும் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு எழுதித் தருவார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு ஊரிலிருந்து எதிர்ப்பு வரும். அளவோடு, சொன்ன நாள்வரை பூசினால் தீங்கில்லை. பயந்து அரைகுறையாகப் பூசினால்தான் கரப்பான் நீள்கிறது. நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் அது கிருமித்தொற்று. எண்ணெயை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். காய்ச்சலோடு ஒரே மாதிரியான சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான் வழியே பரவியிருக்கலாம். உதட்டில் அந்தக் கொப்புளம் உள்ளவர்கள், அது ஆறும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது.