சந்தேகம் சரி, பதில் தவறு

2016 மார்ச் 19, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஓர் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. யாரோ உங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி உள்ளே நுழையப் பார்த்தார்கள், உக்ரைனிலிருந்து முயற்சி நடந்திருக்கிறது, கூகுள் அதைத் தடுத்துவிட்டது, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றது அது. தேதி, நேரம், ஐ.பி. எண் எல்லாம் ஒழுங்காகக் குறிப்பிடப்பட்டிருந்தன. எழுத்துப்பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. அடியில் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான ஒரு பொத்தான். கூகுள் உண்மையிலேயே அனுப்பும் எச்சரிக்கைகள் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

அந்த அலுவலகத்தில் யாரும் அசட்டையாக இருக்கவில்லை. மெயிலைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. அதைக் கணினி உதவிப் பிரிவில் இருந்த ஊழியருக்கு அனுப்பி, இது உண்மையா என்று கேட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் அதே வழிதான். ஆனாலும் இரண்டு நாளில் பொடெஸ்டாவின் 50,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் களவு போயின. ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் 12 பேர் மீது 2018 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இந்த எண்ணிக்கை இருக்கிறது. ரஷ்யா குற்றச்சாட்டை மறுக்கிறது. சந்தேகப்பட்டு, கேட்டு, பதிலும் வாங்கிய பிறகு எங்கே தவறியது என்பதைத்தான் மெயிலும் கையுமாக வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்தப் பொத்தானைப் பார்ப்போம். அதன் பின்னால் இருந்தது கூகுளின் முகவரி அல்ல, நீண்ட முகவரிகளைச் சுருக்கித்தரும் bit.ly சேவையின் லிங்க். அதை அழுத்தினால் திறக்கும் பக்கத்தின் முகவரி இப்படித் தொடங்கியது:

```
http://myaccount.google.com-securitysettingpage.tk/
```

அதே வேலைக்கான கூகுளின் உண்மையான முகவரி இது:

```
https://myaccount.google.com/security
```

இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் இந்தப் பழக்கத்தைத்தான். முகவரியின் சொந்தக்காரர் யார் என்று பார்க்க, இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். உண்மையான முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் com, அதற்கு முன்னால் google. ஆகவே சொந்தக்காரர் கூகுள். போலி முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் tk, அதற்கு முன்னால் com-securitysettingpage. com-க்கு அடுத்து வந்தது சாய்கோடு அல்ல, ஒரு சின்ன இணைப்புக்குறி. அந்தப் பெயரை விலைக்கு வாங்கியவர் அதற்கு இடப்பக்கத்தில் கூகுள் என்றோ, ஒரு வங்கியின் பெயரையோ, உங்கள் கம்பெனியின் பெயரையோ இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

நம் ஊர் முகவரிகளில் gov.in, co.in போன்ற இரட்டை முடிவுகள் உண்டு. அங்கே இன்னும் ஒரு படி இடப்பக்கம் போக வேண்டும். incometax.gov.in என்பது வருமான வரித்துறையுடையது. incometax.gov.in.example.com என்று ஒன்று வந்தால் அது example.com வைத்திருப்பவருடையது, வரித்துறைக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம் இதற்கு உதவாது. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. போலித் தளங்களும் பூட்டு வாங்கி வைத்திருக்கின்றன.

கணினியில் லிங்கை அழுத்தாமல் மவுஸை அதன்மேல் வைத்தால் முகவரி திரையின் ஓரத்தில் தெரியும். கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை இருக்கிறது. பொடெஸ்டாவின் மெயிலில் மவுஸை வைத்திருந்தாலும் bit.ly-யில் தொடங்கும் ஒரு குறுமுகவரிதான் தெரிந்திருக்கும், அது எங்கே கொண்டுபோகும் என்பது தெரிந்திருக்காது. கூகுளின் எச்சரிக்கையில் வேறொரு சேவையின் குறுமுகவரி எதற்கு என்ற கேள்வியாவது எழுந்திருக்கலாம். இன்று பல கம்பெனிகளின் மெயில் வடிகட்டிகளே எல்லா லிங்க்குகளையும் தங்கள் வழியாகத் திருப்பி எழுதிவிடுகின்றன. அப்போது நல்ல லிங்க், கெட்ட லிங்க் இரண்டுமே நீளமான எழுத்துக்குப்பையாகத்தான் கண்ணில் படும்.

அனுப்பியவர் பெயரைப் பார்த்தும் முடிவுக்கு வர முடியாது. அதே குற்றப்பத்திரிகையில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. 2016 ஏப்ரலில், பிரசாரக் குழுவில் எல்லாரும் அறிந்த ஒருவரின் பெயரில், ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு மெயில் கணக்கு தொடங்கினார்கள். அதிலிருந்து 30-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மெயில் போனது. hillary-clinton-favorable-rating.xlsx என்ற கோப்புக்கான லிங்க் என்று அதில் காட்டியிருந்தார்கள். தேர்தல் வேலையில் இருக்கும் எவருக்கும் தங்கள் வேட்பாளரின் செல்வாக்கு எவ்வளவு என்று பார்க்கத் தோன்றாதா? கணக்குப் பிரிவுக்கு இன்வாய்ஸ், மனிதவளப் பிரிவுக்கு பயோடேட்டா, மாதக் கடைசியில் சம்பளத் திருத்தம் என்று அவரவர் எதிர்பார்த்திருப்பதே வந்து சேரும். எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை இனி நம்ப வேண்டாம்.

அதனால் லிங்கை ஆராய்ச்சி செய்வதைவிட, அந்த மெயிலுக்கு வெளியே போய் விஷயத்தைச் சரிபார்ப்பதுதான் பலமான வழி. கூகுள் எச்சரிக்கை என்றால் புதிய ஜன்னலில் கூகுள் முகவரியைத் தானே தட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம். சக ஊழியர் அனுப்பிய கோப்பு என்றால் அவருக்கு ஒரு போன் போடலாம். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் செயலி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிடும். வழக்கமாகத் தானாக நிரப்பும் பாஸ்வேர்டை ஒரு பக்கத்தில் அது நிரப்ப மறுத்தால், கையால் தட்டச்சு செய்ய முனையாமல் நின்று முகவரியைப் பார்க்க வேண்டும்.

சரி, அந்தச் சனிக்கிழமை நடந்த தவறுக்கு வருவோம். உதவிப் பிரிவு ஊழியரின் பதில், இது முறையான மெயில்தான், அவர் உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று தொடங்கியது. முறையற்றது என்று எழுத நினைத்து எழுத்துத் தவறிவிட்டது என்று அவர் பிற்பாடு விளக்கம் சொன்னார். அதே பதிலில் மாற்றுவதற்கான சரியான கூகுள் முகவரியைக் கொடுத்திருந்தார், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடச் சொன்னார். அத்தனையும் நல்ல ஆலோசனை. ஆனால் அந்தப் பதில் அலுவலகத்துக்குள் அடுத்தவருக்குக் கைமாறியபோது, ஜிமெயில் எச்சரிக்கை உண்மைதான் என்ற ஒரு வரியாகச் சுருங்கியது. இப்படித் தொடர்ந்து அனுப்பும் மெயில்களில் அசல் மெயிலும் பொத்தானோடு உயிருடன் பின்னால் தொற்றிக்கொண்டே வரும். பொத்தானை யார் அழுத்தினார்கள் என்பதைவிட, அழுத்தும் வாய்ப்பு அத்தனை கைகளுக்கும் போனதுதான் கவனிக்க வேண்டியது.

அதனால்தான் சந்தேக மெயிலை, இது சரியா பாருங்கள் என்று சக ஊழியர்களுக்கு ஃபார்வேர்டு செய்யக் கூடாது. அவுட்லுக், ஜிமெயில் இரண்டிலும் Report phishing என்ற தேர்வு இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அது ஐ.டி. பாதுகாப்புப் பிரிவோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மெயிலை Forward as attachment மூலம் இணைப்பாக மாற்றி, அந்தப் பிரிவு கொடுத்திருக்கும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். சாதாரணமாக ஃபார்வேர்டு செய்தால் மெயிலின் தலைப்புத் தகவல்கள் போய்விடும். எந்தச் சர்வரிலிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. திரைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் கிடைக்காது.

பயந்துபோய் டிலீட் செய்வதும் உதவாது. ஒருவருக்கு வந்த மெயில் பெரும்பாலும் அவருக்கு மட்டும் வந்ததாக இருக்காது. பாதுகாப்புப் பிரிவின் கைக்கு ஒரு பிரதி கிடைத்தால், அதே மெயில் இன்னும் யார் யாருக்கு வந்திருக்கிறது என்று தேடி அவர்களின் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம், போலி முகவரியை அலுவலக வலைப்பின்னலில் தடுத்துவிடலாம், ஏற்கெனவே அந்தப் பக்கத்துக்குப் போன கணினிகள் எவை என்று பார்க்கலாம். ஏப்ரலில் 30 பேருக்குப் போன மெயில் போன்ற ஒன்றில், முதலாவதாகத் திறந்தவர் தகவல் சொன்னால் மற்ற 29 பேருக்கு வேலை மிச்சம்.

இதில் நேரம்தான் முக்கியம். வெரிசான் நிறுவனத்தின் 2024 ஆய்வறிக்கைப்படி, ஃபிஷிங் மெயிலைத் திறந்து லிங்கை அழுத்த இடைநிலையாக 21 விநாடி, அங்கே விவரங்களைக் கொடுக்க இன்னும் 28 விநாடிதான் ஆகிறது. ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடுகிறது. எனவே அழுத்திவிட்டவர்தான் எல்லாரையும்விட முதலில் பேச வேண்டியவர். பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டேன் என்று அவர் ஐ.டி. பிரிவுக்குச் சொன்னால், அவர்கள் திறந்திருக்கும் எல்லா உள்நுழைவுகளையும் வெளியேற்றி, பாஸ்வேர்டை வேறொரு கணினியிலிருந்து மாற்றச் செய்வார்கள். வரும் மெயில்களை வெளியே ஒரு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதும் கணக்கில் புகுந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே நிற்கும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. அழுத்தியவரைத் திட்டும், நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதும் அலுவலகங்கள் இந்தத் தகவலை இழக்கின்றன. அடுத்தவர் மூடி மறைத்துவிடுவார்.

ஐ.டி. பிரிவே இல்லாத சின்ன நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே முதலாளியோ, கணினி பராமரிப்பவரோ, யாராவது ஒருவர் பெயரை முன்கூட்டியே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். பணம் போய்விட்டது என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் தங்கள் வங்கிக்கும் உடனே பேச வேண்டும், cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால்தான் அதை முடக்க முடியும். இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, ஃபிஷிங் உள்ளிட்ட சம்பவங்களை நிறுவனங்கள் தங்கள் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான முகவரி incident@cert-in.org.in.