வகுப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

முழு எண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை முழு எண்தான். வகுத்தலில்தான் இடிக்கிறது. 3-ஐ 2-ஆல் வகுத்தால் கிடைப்பது முழு எண்களுக்குள் இல்லை. பூஜ்யத்தைத் தவிர மற்ற எதனாலும் தாராளமாக வகுக்க இடம் தரும் எண் தொகுப்பைக் களம் என்கிறார்கள். முழு எண்களைக் களமாக்கப் பின்னங்களைச் சேர்த்தால் போதும். அதைவிடக் குறைவாகச் சேர்த்தால் ஏன் போதாது?

பின்னம் என்பது ஒரு ஜோடி: மேலே ஓர் எண், கீழே பூஜ்யமல்லாத ஓர் எண். 1/2, 2/4 இரண்டும் ஒன்றே என்று எப்படிச் சொல்கிறோம்? குறுக்கே பெருக்கிப் பார்க்கிறோம். ad = bc என்றால் a/b = c/d. விதியில் பெருக்கல் மட்டுமே இருப்பதைக் கவனியுங்கள். வகுத்தலே தெரியாத எண்களைக் கொண்டு வகுத்தலைக் கட்டிவிடலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. 6-ஆல் வகுத்தபின் வரும் மீதிகளை மட்டும், அதாவது 0 முதல் 5 வரை, வைத்துக் கணக்கிடுங்கள். குறுக்கே பெருக்கினால் 1/1 = 3/3. மேலும் 3×3 = 9, 3×5 = 15; இரண்டுக்கும் மீதி 3, ஆகவே 3/3 = 5/3. அப்படியானால் 1/1 = 5/3 ஆக வேண்டும். குறுக்கே பெருக்கினால் ஒருபுறம் 3, மறுபுறம் 5! சமக்குறியே பொய் சொல்கிறது. காரணம், இங்கே 2×3 = 0. பூஜ்யமல்லாத இரண்டு எண்களின் பெருக்கல் பூஜ்யமாகிவிட்டால், இருபுறமும் உள்ள பொது எண்ணை அடித்துவிடும் உரிமை போய்விடும். அப்படி நேராமல், பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாமல், 1-ஐயும் கொண்டிருக்கும் எண் அமைப்புக்குத்தான் ‘இன்டெக்ரல் டொமைன்’ என்று பெயர். அதிலிருந்து பின்னக் களத்தைக் கட்டும் முறையை ஜெர்மன் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்டைனிட்ஸ் 1910-இல் பொதுவாக வகுத்துக் கொடுத்தார்.

இனி, ஏன் மிகச் சிறியது? நம் எண்களை உள்ளடக்கிய ஏதோ ஒரு களம் இருக்கட்டும். அதில் b இருக்கிறது; களம் என்பதால் 1/b-யும் இருந்தே தீரும். a-யும் இருப்பதால் பெருக்கினால் a/b வந்துவிடும். ஆக, ஒவ்வொரு பின்னமும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது. ‘சிறியது’ என்பது எண்ணிக்கையைப் பற்றியதல்ல. எந்தக் களத்தை எடுத்தாலும் இது அதற்குள் அடங்கும் என்பதே பொருள்.

காஸ் ஆராய்ந்த a+bi வகை எண்களைப் பாருங்கள். a, b முழு எண்கள்; i-யின் வர்க்கம் −1. (2+i)/(1+2i) என்ற பின்னத்தின் மேலும் கீழும் 1−2i-ஆல் பெருக்கினால் (4−3i)/5. எந்தப் பின்னத்தையும் இப்படியே மாற்றலாம் என்பதால், இங்கே கிடைக்கும் களம் r+si. R, s சாதாரணப் பின்னங்கள். சிக்கலெண்கள் எல்லாம் சேர்ந்ததும் களம்தான். ஆனால் √2, π என்று தேவையில்லாத கூட்டமும் அதில் உண்டு.

சற்றுக் குறைத்து a+2bi வகையை மட்டும் எடுத்தால் களமும் சுருங்குமா? சுருங்காது. 2i-யை 2-ஆல் வகுத்தால் i வந்துவிடுகிறது. பழைய களமே மறுபடியும் கிடைக்கிறது.