பெருக்கத்தைக் கொடுத்து வாங்கிய துல்லியம்

1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், கையிலிருந்த செய்தித்தாளிலேயே ஒரு சமன்பாட்டைக் கிறுக்கினார். தொலைபேசிப் பெருக்கிகளின் வெற்றிடக் குழாய்கள் நாளாக ஆகக் குணம் மாறின; குரலையும் சிதைத்தன. வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து உள்ளீட்டிலிருந்து கழித்துவிட்டால் என்ன?

வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து, லாப்லாஸ் மாறி s-இல் எழுதினால் அதுவே டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். பெருக்கிக்கு அது G, திரும்பி வரும் பாதைக்கு H என்போம். உள்ளீடு R, வெளியீடு Y என்றால், பெருக்கிக்குள் நுழைவது R − HY மட்டுமே. ஆகவே Y = G(R − HY). இதை மாற்றி எழுதினால்:

Y/R = G/(1 + GH)

G = 1,00,000, H = 0.01 என்று போடுங்கள்: விடை 99.9. குழாய் தளர்ந்து G பாதியாகிவிட்டதா? விடை 99.8. அவ்வளவுதான். GH மிகப் பெரிதாக இருக்கும்வரை விடை ஏறக்குறைய 1/H. அந்த H-ஐத் தீர்மானிப்பவை எளிதில் மாறாத இரண்டு மின்தடைகள். ஆயிரம் மடங்கு பெருக்கத்தைத் தியாகம் செய்தது வீணில்லை.

ஆனால் G அதிர்வெண்ணோடு மாறும். அதிர்வெண் ஏற ஏறச் சமிக்ஞை பின்தங்கும். பின்தங்கல் 180 பாகையாகும் இடத்தில் GH-இன் அளவும் 1 ஆக இருந்தால், GH = −1; பகுதி பூஜ்ஜியம். கழிக்க வந்தது கூட்டத் தொடங்கும், பெருக்கி தானே ஊளையிடும். இந்த எல்லையை 1932-இல் நைக்விஸ்ட் வரையறுத்தார். ஆய்வுக்கூடத்தில் படி உள்ளீடு கொடுத்து ஆசிலோஸ்கோப்பைப் பாருங்கள்: வெளியீடு இலக்கைத் தாண்டிப் பலமுறை அலைந்து அடங்கினால், எல்லை பக்கத்தில் இருக்கிறது.