தொட்டி வழிந்தது சரி, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது எப்படி?

அடுக்ககங்களில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது புதிதல்ல. ஓரிரு பக்கெட் தண்ணீர் கொட்டும், யாராவது சத்தம் போடுவார்கள், மோட்டார் நிற்கும், அதோடு சரி. ஆனால் தென்சென்னையில் உள்ள ஒரு நான்கு மாடிக் குடியிருப்பில், ஒரே இரவில் நான்காம் மாடியில் இரண்டு வீடுகளும் மூன்றாம் மாடியில் ஒரு வீடும் நனைந்துபோயின. கட்டில் மெத்தை, பிளைவுட் அலமாரி, ஒரு மாணவியின் புத்தகங்கள் எல்லாம் வீணாகின. லிஃப்ட் இரண்டு நாள் ஓடவில்லை. குடியிருப்போர் சங்கம் அதைப் பற்றி ஒரு அறிக்கை தயாரித்தது. அதன் முதல் வரைவு மூன்றே வரிதான்: இரவுக் காவலாளி மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார், எச்சரிக்கப்பட்டார், இனி கவனமாக இருப்பார்.

அந்த வரைவைச் சங்கம் ஏற்கவில்லை. நான்காம் மாடியில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர், “தொட்டி ஏன் வழிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. என் வீட்டுக்குள்ள ஏன் வந்ததுன்னு எழுதலையே?” என்று கேட்டார். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். அதன் பிறகு எழுதிய அறிக்கை மூன்று கேள்விகளாகப் பிரிந்தது. மோட்டார் ஏன் நிற்கவில்லை? வழிந்த தண்ணீர் ஏன் வழிகுழாயில் போகவில்லை? மாடியில் கொட்டிய தண்ணீர் ஏன் வீடுகளுக்குள் இறங்கியது?

முதலில் காவலாளியிடம் கேட்டார்கள். “பத்தேகாலுக்குப் போட்டேன் சார். கொஞ்ச நேரத்துல கரண்ட் போச்சு. மோட்டார் நின்னுபோச்சு. அப்புறம் கரண்ட் வரவே ரொம்ப நேரமாச்சு, நான் கேட்டுப் பக்கம் போய்ட்டேன்.” மின்சாரம் போனது பத்தரைக்கு, வந்தது 11.50க்கு. வந்தவுடன் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. ஒழுங்கான மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும். மின்சாரம் போனால் உள்ளிருக்கும் காந்தச் சுருள் விட்டுவிடும். மறுபடி மின்சாரம் வந்தாலும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இந்தக் குடியிருப்பில் தொட்டியின் மிதவை சுவிட்ச் சில மாதங்களாகப் பழுது. அதன் ஒயர், தண்ணீர் விழும் குழாயில் சுற்றிக்கொண்டு மிதவை மேலே வராமல் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யாமல், பேனலில் இருந்த திருகு சுவிட்ச்சை ‘மேனுவல்’ பக்கம் திருப்பியே மோட்டாரை ஓட்டிவந்தார்கள். அந்தச் சுவிட்ச் திருப்பிய இடத்திலேயே நிற்கும். அதனால் மின்சாரம் வந்ததும் மோட்டாரும் எழுந்துகொள்கிறது. காவலாளி மறந்தார் என்பது உண்மைதான். ஆனால் மறந்தால் தண்ணீர் கொட்டும்படி பேனலை வைத்திருந்தது சங்கம்.

எவ்வளவு தண்ணீர் கொட்டியது என்பதை அவர்கள் கணக்கிட்ட முறை எளிமையானது. கீழ்த்தொட்டியான சம்பின் தரைப்பரப்பு 20 சதுர மீட்டர். மாலையில் இரண்டு லாரித் தண்ணீர் இறக்கி, சம்பு நிறைந்திருந்தது. காலையில் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தபோது மட்டம் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது. அப்படியானால் மேலே ஏறியது 40,000 லிட்டர். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் அந்த உயரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர் ஏற்றும். ஓடிய நேரத்தோடு இந்தக் கணக்கு பொருந்தியது. மேல்தொட்டியில் 4,000 லிட்டருக்குத்தான் இடமிருந்தது. மீதி 36,000 லிட்டர், நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிவரை மாடியில் கொட்டியது.

இரண்டாவது கேள்வி வழிகுழாய் பற்றியது. தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் ஒன்றேகால் அங்குலம். வழிகுழாயும் அதே ஒன்றேகால் அங்குலம். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே வரும் தண்ணீரை மோட்டார் அழுத்தித் தள்ளுகிறது, வெளியே போகும் தண்ணீரோ தன் எடையால் மட்டும் வழிகிறது. வாய்க்கு மேல் ஒரு சாண்கூட உயராத தண்ணீர், அந்த அளவுக் குழாயில் நிமிடத்துக்கு 40 லிட்டர் போனாலே அதிகம். வருவது 150, போவது 40. மீதி, மூடியைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். வழிகுழாய் எப்போதும் உள்குழாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று பிளம்பர்கள் சொல்வது இதனால்தான். இந்த மோட்டாருக்கு மூன்று அங்குலம் வைப்பது பாதுகாப்பு.

அந்த 40 லிட்டர்கூடப் போகவில்லை. கொசு முட்டையிடக் கூடாது என்பதற்காக வழிகுழாயின் வாயில் வலை கட்டியிருந்தார்கள். கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த வலையில் பாசியும் புறாச் சிறகும் சேர்ந்து கெட்டியாகி, விரல் நகத்தால் சுரண்டினால்தான் ஓட்டை தெரிந்தது. வலையை எடுத்துவிடுவது தீர்வல்ல. குழாய் வாயை அகலமாக்கி அதில் வலை கட்டினால் அடைபட நாளாகும். தொட்டி கழுவும்போதெல்லாம் வலையையும் கழுவிவிடலாம்.

மூன்றாவது கேள்வியில்தான் அறிக்கை அதிகப் பக்கங்களைச் செலவிட்டது. அந்த மொட்டைமாடி ஏறத்தாழ 360 சதுர மீட்டர். அதில் 36,000 லிட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். நான்கு மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர், அதாவது மணிக்கு இரண்டரை. சென்னையில் வடகிழக்குப் பருவமழை இதைவிட வேகமாகப் பல தடவை கொட்டியிருக்கிறது. அந்த மழையைத் தாங்குவதற்காகத்தான் மாடிக்குச் சரிவும் நான்கு மூலையில் மழைநீர்க் குழாய்களும் வைக்கிறார்கள். அப்படியானால் தொட்டித் தண்ணீரையும் அவை இறக்கியிருக்க வேண்டும். ஏன் இறக்கவில்லை?

நான்கு குழாய்களின் வாயிலும் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட்டு, கீழே ஒருவர் நின்று பார்த்தார். இரண்டில்தான் தண்ணீர் வந்தது. மூன்றாவதன் மேல் பழைய பூந்தொட்டிகள் உட்கார்ந்திருந்தன. நான்காவது, மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பிவிடப்பட்ட குழாய். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்டது. அதன் வடிகட்டித் தொட்டியில் மணலும் சருகும் இறுகி, குழாய் மேல்வரை தண்ணீர் நின்றது.

அதற்கும் மேலான காரணம் மாடிக் கதவின் வாசலில் இருந்தது. தொட்டி நிற்பது படிக்கட்டு அறையின் கூரைமேல். மூடியிலிருந்து வழிந்த தண்ணீர் நேரே கதவின் முன்னால்தான் விழுந்தது. கட்டியபோது அங்கே ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புப்படி இருந்ததாக வரைபடம் சொல்கிறது. பிறகு ஒழுகலைத் தடுக்க ஒரு முறையும், வெயில் தணிய வெள்ளை ஓடு பதிக்க ஒரு முறையும், பழைய தளத்தை உடைக்காமல் அதன்மேலேயே வேலை செய்தார்கள். தளம் உயர்ந்தது, படி அப்படியே நின்றது. அறிக்கைக் குழுவினர் ஸ்கேலை வைத்து அளந்தபோது மிச்சமிருந்தது ஒரே அங்குலம். தண்ணீர் அதைத் தாண்டி, படிக்கட்டு வழியாக நான்காம் மாடி வராந்தாவுக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு வீட்டு வாசலுக்கும் லிஃப்ட் குழிக்கும் போனது.

எந்த வீட்டில் எப்படி வந்தது என்பதை ஈரமே காட்டிக்கொடுத்தது. வாசல் வழியாக வந்த வீட்டில் சுவரின் மேல்பகுதி உலர்ந்திருந்தது. அலமாரிகளின் அடிப்பாகம் மட்டும் ஊறி உப்பியிருந்தது. எதிர்வீட்டில் தரை முதலில் நனையவில்லை; கூடத்து விளக்குப் பெட்டியிலிருந்து சொட்டியது. மாடி விளக்குக்குப் போகும் ஒயர்க்குழாயின் வாய் மூடாமல் கிடந்ததே காரணம். மூன்றாம் மாடி வீட்டில் குளியலறைக் குழாய்கள் இறங்கும் சந்து வழியாகச் சுவரில் இறங்கியது. தளத்திலேயே விரிசல் இருந்து கசிந்திருந்தால் இவ்வளவு வேகமாக வராது. ஓரிரு நாள் கழித்து, கூரையில் வட்ட வட்டமாகக் கறை தெரியும். அது வேறு வைத்தியம். வழியைத் தெரிந்துகொள்ளாமல் மாடி முழுக்க வாட்டர்புரூஃபிங் பூசினால் பணம் போகும், அடுத்த முறையும் தண்ணீர் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளக்குப் பெட்டியில் தண்ணீர் சொட்டினால் விளக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்த வீட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் துடைக்கவே தொடங்க வேண்டும். லிஃப்ட்டை நிறுத்தி, குழியை இறைத்து, சர்வீஸ் ஆள் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

நஷ்டத்தை யார் ஏற்பது? மொட்டைமாடியும் தொட்டியும் மோட்டாரும் பொதுச் சொத்து. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்தின்படியும் பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது சங்கத்தின் வேலை. ஆகவே பழுதுபார்க்கும் செலவு எல்லோருடையதும். நனைந்த வீட்டுக்காரர்களுடையது மட்டுமல்ல. வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கிறது. துடைத்து முடிக்குமுன் படம் எடுத்து வைத்து, நிறுவனத்துக்கு உடனே சொல்ல வேண்டும். எந்த நேரத்தில், எந்த வழியாக வந்தது என்று சங்கம் எழுதிய அறிக்கை, பார்வையிட வரும் சர்வேயருக்கு நேரடியாகப் பயன்படும்.

அறிக்கை சொன்ன வேலைகளில் வரிசை முக்கியம். முதலில் கதவடியில் ஆறு அங்குலக் கான்கிரீட் தடுப்பு, திறந்து கிடந்த ஒயர்க்குழாய்க்கு மூடி, மழைநீர்க் குழாய் வாய்களைச் சுத்தம் செய்வது. இரண்டாவது மூன்று அங்குல வழிகுழாய். அதைக் கதவுப் பக்கம் விடாமல் மழைநீர்க் குழாய் வாய்வரை கொண்டுபோவது. அதற்குச் சற்றுக் கீழே அரை அங்குல எச்சரிக்கைக் குழாய் ஒன்றை எடுத்து, காவலாளி உட்காரும் இடத்தருகே தண்ணீர் விழும்படி இறக்குவது. மூன்றாவதுதான் பேனலும் மிதவையும். மின்கருவி என்றாவது பழுதாகும், மனிதர் என்றாவது மறப்பார், தொட்டி என்றாவது வழியும். வழியும்போது தண்ணீர் தெருவுக்குப் போக வேண்டும், படுக்கையறைக்குப் போகக் கூடாது. அதைத் தீர்மானிப்பது மோட்டார் அல்ல, மாடிதான்.

உங்கள் அடுக்ககத்திலும் இந்த வாரமே மாடிக்குப் போய், கதவின் தடுப்புப்படியை ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேசுங்கள். மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடக்கூடிய வேலை அது.