பத்துச் சொல்லுக்கு ஐந்து சொல்

குனிந்து வாங்க, தலையில் இடிக்கும்! ஐந்தருவிக்குப் போகிற வழியில், பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் இருக்கிறது இந்தத் தகரக் கொட்டகை. ஈரத் துண்டுகள், எண்ணெய்க் குப்பிகள், கசக்கிப் போட்ட தாள்கள். நடுவில் பாயில் மூன்று பேர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் பாடம் நடத்திய டீச்சர், கடைக்கார ஆச்சி, டிஸ்லெக்சியா உள்ள ஏழாம் வகுப்புப் பையன். எனக்கும் ஓரமாக இடம் கிடைத்துவிட்டது!

அருவிப் பலகைச் சேதியை யாரும் வாசிக்கும்படி எளிதாக்கத்தான் இந்தப் பாடு. தாளில் இருப்பது சீசனில் நாம் எல்லாரும் அந்தப் பலகையில் பார்த்த வாக்கியம்தான்: ‘நீர்வரத்து அதிகரித்துள்ளதால் பொதுமக்களின் பாதுகாப்பு கருதி அருவியில் குளிக்க தற்காலிகமாகத் தடை விதிக்கப்பட்டுள்ளது.’ பத்துச் சொல். கடைசிச் சொல்லில் மட்டும் பதினோரு எழுத்து.

ஆச்சி போன வருஷம்தான் எழுத்துக்கூட்டப் படித்தார். விரல் வைத்து நகர்கிறார். ‘அருவியில் குளிக்க’ வந்ததும் முகம் மலர்கிறது. “குளிக்கச் சொல்லுதாவ!” அங்கேயே நிறுத்திவிட்டார். தடை அதற்கப்புறம்தானே வருகிறது! முதல் சொற்களும் அவருக்கு நல்ல சேதிதான். தண்ணீர் கூடினால் குற்றாலத்தில் கொண்டாட்டமல்லவா?

டீச்சர் காரணத்தைப் பின்னால் தள்ளி, சேதியை முன்னால் இழுக்கிறார். ‘குளிக்க வேண்டாம்.’ பையன் படபடவென்று வாசிக்கிறான்: “குளிக்க வேண்டும்.” முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துவிட்டான். டீச்சர் திருத்தவில்லை. “தப்பு உன்மேல இல்ல, சொல்லுமேல” என்று ‘வேண்டாம்’ என்பதை அடித்துவிடுகிறார். ‘குளிக்காதீர்கள்’ என்று போட்டால்? மறுப்பு சொல்லின் நடுவயிற்றில் ஒளிந்துகொள்கிறது. ‘கூடாது’ தனியாக நிற்கிறது; அதுவே ஜெயித்தது.

அடுத்தது ‘வெள்ளம்’. பையன் அதை ‘வெல்லம்’ என்று வாசித்துவிட்டு அவனே உருண்டு சிரிக்கிறான். ஆச்சி ஓடிப்போய் ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துவந்து அவன் வாயில் போடுகிறார்! ‘வெள்ளம்’ மட்டும் போதாதென்று ‘ஆபத்து’ உள்ளே வந்தது.

‘தற்காலிகமாக’ என்னாவது? ‘இன்று’ என்று போட்டால், நாளைக்கும் பலகை தொங்கினால் குழப்பம். ‘இப்போது’ என்று முடிவாகிறது. பலகையை நேரத்துக்குக் கழற்ற ஆள் வேண்டும். அதை எந்தச் சொல்லாலும் செய்ய முடியாது.

டீச்சர் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு சேதியாக, சொல் உடையாமல் எழுதுகிறார்:

ஆபத்து!
இப்போது குளிக்கக் கூடாது.
அருவியில் வெள்ளம்.

எண்ணிப் பார்த்தேன், ஆறு சொல்! “வெள்ளம் இருக்கட்டும். அது தப்பினாலும் மேலே ரெண்டு வரி காப்பாத்தும்” என்கிறார் டீச்சர். பையன் ‘அருவியில்’ மீது விரல் வைக்கிறான். “அருவிக்கு முன்னாலதானே டீச்சர் நிக்கிறோம்?” அந்தச் சொல்லும் போயிற்று. ஐந்து!

இனி பரீட்சை. மழைக்கு ஒதுங்கிய ஒரு அம்மாவிடம் தாளை நீட்டுகிறார்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்கமாட்டார்களாம், கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். “இத பாத்தா என்ன செய்வீங்கம்மா?”

அவர் மெதுவாக வாசிக்கிறார். கையிலிருந்த துண்டைப் பைக்குள் திணிக்கிறார்.

“ஆச்சி, ஒரு டீ போடுங்க.”