மறைத்த பதிவு, அழித்த பதிவு

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தீபாவளிக்கு முன் அதில் ஒரு பதிவு போட்டார். மயில் கழுத்து நிறப் பட்டுத் துணி, கைப்பகுதி முழுக்க ஜர்தோசி வேலைப்பாடு, படத்துக்குக் கீழே எழுதிய குறிப்பில் விலை 1,800 ரூபாய். இன்று அதே வேலைக்கு அவர் 2,600 ரூபாய் வாங்குகிறார். பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கீழே தள்ளிக்கொண்டே போய் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல 1,800னுதானே போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள்.

தொல்லையை ஒழிக்க அந்தப் பதிவையே எடுத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதற்குக் கீழே பழைய வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் இருக்கின்றன. தங்கை கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன், அளவு கச்சிதம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விளம்பரம் கொடுத்தால்கூட அப்படி ஒரு வரி கிடைக்காது. பதிவு போனால் அதுவும் போய்விடும்.

அவருடைய சொந்தப் பதிவின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் உண்டு. அதைத் தொட்டால் விரியும் பட்டியலில் Archive, Delete இரண்டும் இருக்கும். எதைத் தொட்டாலும் பதிவு பக்கத்திலிருந்து மறைந்துவிடுவதால், அந்த நேரத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்வதுபோலத் தெரியும். உள்ளே நடப்பது வேறு.

ஆர்க்கைவ் செய்வதால் மாறுவது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பது. பதிவு அழிவதில்லை. படம், குறிப்பு, விருப்பக் குறிகள், கருத்துகள் எல்லாம் இருந்தபடியே இருக்கும், கணக்கின் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும். பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது, யாருக்கும் அறிவிப்பும் போகாது. அந்தப் பதிவின் இணைப்பை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தால், அதைத் தொடுகிறவருக்குப் பதிவு கிடைக்காது. இந்த வசதியை இன்ஸ்டாகிராம் 2017ஆம் ஆண்டின் நடுவில் எல்லாருக்கும் கொண்டுவந்தது. அதுவரை ஒரு பதிவைப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் அழிப்பதைத் தவிர வழி இருக்கவில்லை.

ஆர்க்கைவுக்குக் காலக்கெடு கிடையாது. இன்று மறைத்த பதிவை அடுத்த வாரமும் எடுக்கலாம், ஐந்து வருடம் கழித்தும் எடுக்கலாம். எடுக்கும் வழி இது. உங்கள் பக்கத்துக்குப் போய் மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். வருகிற பட்டியலில் Archive இருக்கும். அதைத் திறந்ததும் பலர் தடுமாறுவது இங்கேதான். முதலில் தெரிவது பெரும்பாலும் பழைய ஸ்டோரிகளாக இருக்கும். தேடிவந்த பதிவு அங்கே இல்லாததால் போயேபோய்விட்டது என்று முடிவுகட்டி வெளியே வந்துவிடுகிறார்கள். திரையின் உச்சியில் Stories archive என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொட்டால் ஒரு சிறு பட்டியல் இறங்கும். அதில் Posts archive என்பதைத் தேர்ந்தெடுத்தால் மறைத்துவைத்த பதிவுகள் வந்துவிடும். வேண்டியதைத் திறந்து, அதன் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Show on profile என்பதைத் தொட்டால் பதிவு பக்கத்துக்குத் திரும்பிவிடும்.

திரும்பி வரும் பதிவு பக்கத்தின் தலையில் போய் உட்காராது. முதலில் போட்ட தேதி எதுவோ, அந்தத் தேதிக்குரிய வரிசைக்கே போகும். பின்தொடர்பவர்களுக்கும் புதுப் பதிவுபோலப் போய்ச் சேராது. தீபாவளி ஆர்டர்களைப் பிடிக்க நினைத்து பழைய பதிவை வெளியே எடுக்கும் நம் ஆரி வேலைக்காரருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டு வருடப் பதிவுகளுக்கு அடியில் அது கிடந்தால் யார் கண்ணில் படும்? அதற்கு வழி இருக்கிறது. பதிவு திரும்பியதும் அதே மூன்று புள்ளிகளில் பதிவைப் பக்கத்தின் மேலே பொருத்திவைக்கும் Pin வசதி உண்டு. மூன்று பதிவுகள் வரை இப்படி உச்சியில் நிறுத்தலாம்.

விலையையும் திருத்தியாக வேண்டும். அவர் 1,800 என்பதைப் படத்துக்குக் கீழே உள்ள குறிப்பில்தான் எழுதியிருந்தார். ஆகவே பதிவைத் திரும்ப எடுத்ததும் Edit போட்டு அதை 2,600 ஆக்கிவிடலாம், கருத்துகள் எதுவும் கலையாது. விலையைப் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதித்திருந்தால் கதை வேறு. போட்ட பதிவில் படத்தை மாற்றி வைக்க இன்ஸ்டாகிராம் விடுவதில்லை. அப்படிப்பட்ட பதிவை உள்ளேயே விட்டுவிட்டு, நல்ல கருத்துகளைத் திரைப்படம் எடுத்துப் புதிய பதிவில் போடுவதுதான் சரியாக வரும். விலை எழுதி வியாபாரம் செய்கிறவர்கள் அதைக் குறிப்பில் எழுதுவதே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது Delete பக்கம் வருவோம். அதைத் தொட்ட கணத்திலேயே பதிவு அழிந்துவிடுவதில்லை, ஆனால் ஒரு கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. அழித்த பதிவு Recently deleted என்ற இடத்துக்குப் போய் 30 நாள் காத்திருக்கும். அதற்குள் எடுக்கவில்லை என்றால் தானாகவே போய்விடும். ஸ்டோரிகளுக்கு இன்னும் குறைவு. ஸ்டோரி ஆர்க்கைவில் சேமிக்கப்படாத ஸ்டோரியை அழித்தால் 24 மணி நேரந்தான்.

இந்த இடைத்தங்கல் 2021 பிப்ரவரியில்தான் வந்தது. அடுத்தவர் கணக்கைக் கைப்பற்றுகிறவர்கள் சிலர், உள்ளே நுழைந்ததும் அதில் இருக்கும் பதிவுகளை அழித்துவிடுவார்கள். கணக்கு திரும்பக் கிடைத்தாலும் பதிவுகள் கிடைக்காமல் இருந்தது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று இன்ஸ்டாகிராம் அறிவித்தது. அதனால்தான் அழித்ததை மீட்கும்போது, கணக்கின் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று அது சரிபார்க்கிறது. உங்கள் செல்பேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியெண் வரும், அதைப் போட வேண்டும். கணக்கில் இருப்பது நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம் எண் என்றால், 30 நாளில் பாதி அந்த எண்ணோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். பதிவு எதையும் அழிக்காத இந்த நேரத்திலேயே அமைப்புகளுக்குள் போய் எண்ணும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்பதற்கு மூன்று கோடுகளைத் தொட்டு Your activity என்பதற்குள் போக வேண்டும். அங்கே Recently deleted இருக்கும். பதிவுகள், ரீல்ஸ், ஸ்டோரிகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் மிச்சம் என்றும் தெரியும். வேண்டியதைத் திறந்து Restore கொடுங்கள். நீங்கள் தனியாக அழித்த ஒரு கருத்தை அங்கே தேடிப் பயனில்லை, கருத்துகள் அந்த இடத்துக்கு வருவதில்லை.

30 நாள் கடந்தபின்? உங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. நிறுவனத்தின் சர்வர்களிலிருந்து முழுவதும் நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்கிறது இன்ஸ்டாகிராம். அந்த நாட்களில் கெஞ்சினாலும் அது உங்களுக்குக் கிடைக்காது. இதில் ஒரு கோளாறும் நடந்திருக்கிறது. சௌகத் பொக்கரேல் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் 2019இல் தன் இன்ஸ்டாகிராம் தரவை இறக்கிப் பார்த்தபோது, அவர் எப்போதோ அழித்த படங்களும் தனிச் செய்திகளும் அதில் வந்தன. அவர் அதைத் தெரிவித்தபின் கோளாறு சரிசெய்யப்பட்டது, அவருக்கு 6,000 டாலர் வெகுமதியும் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் இது செய்தியானது.

அதனால் நிஜமாகவே இல்லாமல் போக வேண்டிய ஒன்றை ஆர்க்கைவில் வைப்பது தவறு என்று அழுத்திச் சொல்வேன். வீட்டு முகவரி தெரியும் படம், குழந்தையின் பள்ளிச் சீருடை தெரியும் படம், ஆதார் அட்டை ஓரத்தில் விழுந்துவிட்ட படம் போன்றவற்றை மறைத்தால் போதாது. உங்கள் கடவுச்சொல் தெரிந்தவர் யாராக இருந்தாலும் ஆர்க்கைவைத் திறக்க முடியும். இவற்றை அழிக்க வேண்டும். அழித்தபின் Recently deleted உள்ளே போய் அங்கிருந்தும் அழித்தால்தான் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே யாராவது திரைப்படம் எடுத்து வைத்திருந்தால் மட்டும் இரண்டு பொத்தான்களுமே கைகொடுக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்க்கைவை ஒரு பிரதி என்று நம்பிவிடக் கூடாது. அது உங்கள் கணக்குக்குள்தான் இருக்கிறது, கணக்கு போனால் அதுவும் சேர்ந்து போகும். முக்கியமான படங்களின் மூலத்தை செல்பேசிக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராமின் Accounts Center வழியாக உங்கள் தரவு முழுவதையும் கேட்டு இறக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

ஃபேஸ்புக்கிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான், 2020இல் வந்தது. பதிவின் மூன்று புள்ளிகளில் Move to archive, Move to trash என்று இருக்கும். குப்பையில் போட்டதற்கு அங்கேயும் 30 நாள் கெடு. இரண்டையும் Activity log உள்ளே போய்த் திரும்ப எடுக்கலாம்.

பழைய பதிவு ஒன்று காணோம், மறைத்தோமா அழித்தோமா என்பது நினைவில்லை என்றால் முதலில் Posts archive, அடுத்து Recently deleted என்ற வரிசையில் தேடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் அமைப்புகளில் Account status என்ற இடத்தைப் பாருங்கள். விதிமீறல் என்று இன்ஸ்டாகிராமே எடுத்துவிட்ட பதிவுகள் அங்கே தெரியும், மறுபரிசீலனையும் கேட்கலாம். அங்கும் இல்லாவிட்டால், கடைக்கு ஒன்று, சொந்தமாக ஒன்று என இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் தாங்கள் இப்போது எந்தக் கணக்குக்குள் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்கில் மறைத்த பதிவு அடுத்த கணக்கின் ஆர்க்கைவில் ஒருநாளும் தெரியாது.