தோழமையின் வசவு: கடவுளை ஒருமையில் அழைக்கும் கவிதை பற்றி



கடவுளை நெருங்கிய சிநேகிதராக முன்னிறுத்தி, கேலி பேசி, உரிமையோடு திட்டி எழுதும் பக்திக் கவிதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது எப்படி எழுதப்படுகிறது, எங்கே பழுதாகிறது, ஒடுக்கப்பட்டவர் எழுதும்போது அதில் என்ன மாறுகிறது என்பதே இந்த உரை.

தமிழில் இந்த வகைக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சுந்தரர். சைவ மரபு அவரைத் தம்பிரான் தோழர் என்றும் வன்தொண்டர் என்றும் அழைக்கிறது. பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சிவனையே இரவில் தூது அனுப்பியவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்தபோது, அவர் கெஞ்சியதோடு நிற்கவில்லை. குத்திக்காட்டினார், கோபித்துக்கொண்டார். அந்தப் பாடல்களின் அழகில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுந்தரர் சண்டை போட்டது கோயிலுக்குள் நின்று. பார்வை போன நாளிலும் ஊர் ஊராகப் போய்ச் சன்னதியில் நின்று திட்ட அவருக்குத் தடையில்லை. உள்ளே போக முடிந்தவரின் சண்டை அது.

வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் அதே சண்டையை எப்படிப் போடுவார்? இதற்கு விடை தேட மராட்டியத்துக்குப் போகவேண்டும். 14ஆம் நூற்றாண்டில் மங்கள்வேடாவில் வாழ்ந்த சோகாமேளர் மகார் சாதியில் பிறந்தவர். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் ஊருக்குக் கூலியில்லா வேலை செய்வதும் அந்தச் சாதியின் மேல் சுமத்தப்பட்டிருந்தன. அவருடைய தெய்வம் பண்டரிபுரத்து விட்டலன். பக்தன் புண்டலீகன் எறிந்த செங்கல்லின் மேல் இடுப்பில் கைவைத்துக் காத்து நிற்பவன் அவன். மற்ற வார்க்கரி பக்தர்கள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட, சோகாமேளர் வெளியே நின்றார். மங்கள்வேடாவில் மதில் வேலை செய்தபோது சுவர் சரிந்து இறந்தார் என்பது மரபு. அவருடைய சமாதி இன்றும் பண்டரிபுரக் கோயில் வாசற்படியின் அடியில் இருக்கிறது. செத்த பிறகும் வாசல்தான்.

அவர் மனைவி சோயராபாய், தங்கை நிர்மளா, மைத்துனர் பங்கா, மகன் கர்மமேளா என்று குடும்பமே அபங்கம் பாடியது. விட்டலனை ஒருமையில் அழைப்பது அந்த மரபில் எல்லோருக்கும் பொது. நாமதேவர் வீட்டு வேலைக்காரியான ஜனாபாய் அவன் பெயரைத் தெருப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சிதைத்தே கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் சோகாமேளர் குடும்பத்தின் வசவில் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் “ஏன் வரவில்லை?” என்று கேட்கும் இடத்தில், இவர்கள் “ஏன் என்னை வரவிடவில்லை?” என்று கேட்கிறார்கள். எச்சில் சோற்றில் வாழ்கிறோம், உனக்கு வெட்கமாக இல்லையா என்ற தொனியில் கர்மமேளா கேட்கிறார். தந்தை சில பாடல்களில் தன் பிறப்பை முன்வினை என்று ஏற்கிறார். மகன் பழியை எடுத்துப் படைத்தவன் தலையில் வைக்கிறார். ஒரே வீட்டில் ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இனி எழுதும் முறைக்கு வருகிறேன். ஒரு சிறு கவிதையை உங்கள் முன்னால் எழுதிக் காட்டுவது நல்லது. பொருள் நமக்குத் தெரிந்ததுதான்: மாரியம்மன் திருவிழாவில் சப்பரம் ஊர்த்தெருக்களைச் சுற்றுகிறது, சேரியின் முனையோடு திரும்பிவிடுகிறது.

கையெடுத்து எழுதத் தொடங்கினால் முதலில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

தாயே மாரியம்மா, தயை புரிவாயே,
சேரி மக்கள் கண்ணீரைத் துடைப்பாயே.

இது மனு. ஆட்சியருக்கு எழுதுவதை அம்மனுக்கு எழுதியிருக்கிறோம். இதைத் திருத்த முனைந்தால் நம் இயக்கக் கை எதிர்ப்பக்கம் போய்விடும்:

தேர் வராத தெருவில் தெய்வம் எதற்கு?
சாதி காக்கும் சாமியே, பதில் சொல்!

இது முழக்கம். மேடையில் இதற்கு வேலை உண்டு, ஆனால் நாம் எழுத வந்த கவிதை இதுவல்ல. கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. தெய்வத்தின் பெயரை எடுத்துவிட்டு அங்கே சட்டமன்ற உறுப்பினரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். கவிதை அப்படியே பொருந்தினால், அங்கே உறவு இல்லை என்று அர்த்தம். மேலே உள்ள இரண்டுமே பொருந்திவிடும்.

உறவு எங்கிருந்து வரும்? அந்தத் தெய்வத்துக்கும் எழுதுபவருக்கும் இடையில் மட்டும் நடந்த கொடுக்கல் வாங்கலிலிருந்து வரும். விட்டலனைக் கேலி செய்ய அவன் இடுப்புக் கை போதும்: கைகொடுக்க வேண்டியவன் கையைக் கொண்டுபோய் இடுப்பில் வைத்திருக்கிறான். மாரிக்கும் நமக்கும் இடையில் என்ன இருக்கிறது? பறை இருக்கிறது, கூழ் இருக்கிறது. அதை வைத்து எழுதியது இது:

ஏண்டி மாரி,
எட்டு நாளா எட்டுத் தெரு சுத்துனவளே,
எங்க முனை வந்தா மட்டும்
உன் சப்பரத்துக்கு அச்சு முறியுதா?
ராத்திரி பூரா உனக்கு அடிச்சு
எங்கண்ணன் விரலிடுக்கெல்லாம் கொப்புளம்.
அந்தச் சத்தத்துக்குத்தானே உன் காலு ஆடுச்சு?
ஆடத் தெரிஞ்ச காலுக்கு
நடக்கத் தெரியலையாக்கும்.
சரி, போ.
கூழு காய்ச்சி மூடி வச்சிருக்கேன்.
புளிச்சுப் போச்சுன்னா
நீதான் குடிக்கணும்.

இதில் மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதல் இடம் ‘ஏண்டி’. இந்த விளியை ‘ஏனம்மா’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கவிதை உடனே மனுவாகிவிடுகிறது. ஆகவே பாரம் முழுதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நம் சமூகத்தில் ‘டா’வும் ‘டி’யும் இரண்டு இடங்களில் புழங்கும் சொற்கள். ஒன்று, கூட்டாளிகளுக்கு நடுவில். மற்றது, சாதி மேட்டிலிருந்து கீழே. ஊர்த்தெருச் சிறுவன் சேரிப் பெரியவரை ‘வாடா’ என்று கூப்பிட்ட காலம் நெடுங்காலம், பல ஊர்களில் அது இன்னும் முடியவில்லை. தன்மேல் எறியப்பட்ட அதே சொல்லை ஒரு சேரிப்பெண் எடுத்து ஊர்த்தெய்வத்தைச் சிநேகிதியாக அழைக்கும்போது, சாதியின் மரியாதைக் கணக்கு முழுவதும் கலைகிறது. ஊரார் ‘தாயே’ என்று தாழ்ந்து கும்பிடும் ஒருத்தியோடு அவள் சமமாக நின்று பேசுகிறாள். இந்த வேலையைச் சுந்தரரின் உரிமைப் பேச்சு செய்ய முடியாது. ‘டா’ என்ற அவமானம் அவர்மேல் விழுந்ததில்லை.

இரண்டாம் இடம் கொப்புளம். நட்புக் கவிதையில் “உன்னை நேசிக்கிறேன்” என்று சொல்ல இடமில்லை, அன்பு விவரத்தில்தான் தெரியவேண்டும். பறையடிக்கும்போது ஒரு குச்சி உள்ளங்கையில் பிடிபடும், மெல்லிய குச்சி மற்றக் கையின் விரல்களுக்கு நடுவில் நிற்கும். ‘விரலிடுக்கு’ என்ற சொல் அதனால் வந்தது. ‘கையெல்லாம் புண்’ என்று எழுதியிருந்தால் அது யாருடைய கையாகவும் இருந்திருக்கும். பறையடிப்பது சுமத்தப்பட்ட தொழில், அதை மறுக்கவேண்டும் என்ற குரலும், அது நம் கலை, அதை மீட்கவேண்டும் என்ற குரலும் நம் இயக்கத்துக்குள்ளேயே உண்டு. இந்தக் கவிதை அந்த வாதத்தைத் தீர்க்க வரவில்லை. கடன் யார் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. ஆடியவள் கடன்காரி.

மூன்றாம் இடம் முடிவு. இந்த வகைக் கவிதை அதிகமாகக் கெட்டுப்போவது இங்கேதான். கேலியும் வசவும் முடிந்தபின் எழுதுபவருக்கு மனம் இளகும். “நீ வராவிட்டால் என்ன, என் நெஞ்சிலேயே இருக்கிறாய்” என்று முடிக்கத் தோன்றும். அப்படி முடித்த நொடியில் சப்பரம் வராதது சரியாகிவிடுகிறது, ஊராருக்கு அதைவிட வசதி வேறில்லை. சோகாமேளருக்கு இதுதான் நடந்தது. பின்னாளில் எழுந்த பக்தக் கதைகளில் விட்டலனே அவர் வீட்டில் வந்து சாப்பிடுகிறான், இரவில் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறான். கேட்பவர் கண் கலங்குகிறது, கதவு அசையவில்லை. அந்தக் கதவு தீண்டப்படாதவர்களுக்குத் திறக்க 1947 வரை ஆனது. அதற்கும் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்கவேண்டியிருந்தது.

அதனால் கவிதையில் கூழ் மூடியே இருக்கிறது. அவள் வரவில்லை, வந்ததாகக் கற்பனையும் இல்லை. உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. ‘புளித்தால் நீதான் குடிக்கணும்’ என்பது சிநேகிதி மட்டும் சொல்லக்கூடிய மிரட்டல். அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: குடிக்க நீ இங்கே வந்தாகவேண்டும்.

இந்த வகைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லவேண்டும். ‘சாதி ஒழிப்பு’ நூலில் சேர்த்த, காந்திக்கான பதிலில் அண்ணல் அம்பேத்கர் பக்திக் கவிகளைப் பற்றிக் கறாராக எழுதினார். கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்று அவர்கள் சொன்னார்கள், மனிதருக்கு மனிதர் சமம் என்பதற்காகப் போராடவில்லை என்பது அவர் வாதம். அதே அம்பேத்கர் 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதோர்’ நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மூவரின் காயத்தை அவர் மதித்தார், அவர்கள் கண்ட மருந்தை ஏற்கவில்லை. 1956இல் நாகபுரியில் தீட்சை பெற்றபோது சிநேகிதனிடம் சண்டை போடுவதையே விட்டு வெளியேறினார்.

நம்பிக்கை இல்லாத மாணவர் இந்த வகையில் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்பேன். உங்கள் பாட்டி மாரியிடம் பேசிய பேச்சு உங்கள் காதில் இருக்கிறது, அதை அவள் குரலில் எழுதலாம். ஆனால் அவளுக்குப் பதிலாக நீங்கள் சமாதானம் ஆகிவிடாதீர்கள். வராத சப்பரம் வராததாகவே கவிதையில் நிற்கட்டும். வசவு எங்கே முடிகிறது என்பதைப் பார்த்தே அந்தக் கவிதை யாருக்கு உதவுகிறது என்று சொல்லிவிடலாம்.